“எங்களுக்குச் சிரமம் இல்லை” என்று எழுதிவிட்டீர்களே

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, மலக்குடல் புற்றுநோய். 28 நாள் ரேடியேஷன், கூடவே மாத்திரை, அப்புறம் ஆபரேஷன். வயிற்றில் பை வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டுக் குடலை உள்ளே இணைத்து 5 மாதம் ஆகிறது. நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நாளைக்கு 10, 12 தடவை பாத்ரூம் போகிறார். ராத்திரிதான் ரொம்ப மோசம். வெளியே போகும் நாளில் காலையும் மதியமும் அவரே சாப்பிடாமல் இருந்துவிடுவார், அதனால் எங்களுக்குச் சிரமம் இல்லை. அடுத்த மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து, வரமாட்டேன் என்கிறார். எல்லாம் மனப்பிரமை என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: மனப்பிரமை அவருக்கு இல்லை, தம்பி. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் நான்கு தடவை படித்தேன். அப்பா பட்டினி கிடக்கிறார், “அதனால் எங்களுக்குச் சிரமம் இல்லை.” எழுதும்போது கை கூசவில்லையா? உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது சாப்பிட்டாயா என்று கேட்காமல் விட்ட ஆளா அவர்?

அந்தப் பட்டினிதான் ராத்திரியைக் கெடுக்கிறது. மலக்குடல் ஒரு கிடங்கு மாதிரி. மலம் வந்து சேர்ந்தாலும் நமக்கு நேரம் வாய்க்கிற வரை விரிந்து கொடுத்து வைத்துக்கொள்ளும். அதை வெட்டி எடுத்துவிட்டு, மேலே இருந்த பெருங்குடலைக் கீழே இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அது வெறும் குழாய், எதையும் தேக்கி வைக்கத் தெரியாது. கதிர் பட்ட மிச்ச இடம் வேறு விறைத்திருக்கும், ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத் தசையும் பலம் குறைந்திருக்கும். அதனால்தான் கொஞ்சம் போய்விட்டு வந்து வேட்டியைக் கட்டுவதற்குள் மறுபடி கூப்பிடுகிறது, வருவது காற்றா மலமா என்றும் சரியாகத் தெரிவதில்லை. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக லார்ஸ் என்பார்கள். பலருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை மெல்லக் குறையும், ஆனால் அச்சு அசலாகப் பழையபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வயிற்றில் சாப்பாடு விழுந்தாலே பெருங்குடல் அசையத் தொடங்கும், எல்லோருக்கும் அப்படித்தான். பகலெல்லாம் காயப்போட்டு ராத்திரி 8 மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் அந்த அசைவு மொத்தமாக வந்து இறங்கும், தேக்கக் கிடங்கு இல்லை, அப்புறம் தூக்கம் எங்கே? பெரிய சாப்பாட்டைப் பகலுக்கு மாற்றுங்கள். ராத்திரி 7 மணிக்குள் இரண்டு இட்லி போதும். ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள்: எப்போது என்ன சாப்பிட்டார், எப்போது போனார், எத்தனை தடவை. காபியா, காரக்குழம்பா, பாலா, எது கிளப்பிவிடுகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

அந்த நோட்டோடு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நீங்கள் போக வேண்டும். உங்கள் அப்பா அங்கே “பரவாயில்லைங்க” என்று மட்டும்தான் சொல்லியிருப்பார், வேண்டுமானால் பந்தயம் கட்டுகிறேன். நோய் திரும்பியதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள், வேட்டி நனைவதை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தானே மருந்து எழுத முடியும்? லோபரமைடு என்று 2 மில்லிகிராம் மாத்திரை இருக்கிறது, சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட்டால் குடலின் வேகம் தணியும். ஆனால் தையல் போட்ட இடம் சுருங்கி, அடைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகினாலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதற்கு இந்த மாத்திரை ஆபத்து. அளவு மீறினால் இதயத்துக்கும் கெடுதல். அதனால் அளவை டாக்டர் சொல்லட்டும், கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். இசப்கோல் சேருமா, சுருக்குத் தசைக்குப் பயிற்சி உண்டா, இதெல்லாம் போதவில்லை என்றால் கீழிருந்து தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை வீட்டிலேயே செய்யலாமா என்றும் கேளுங்கள். ரத்தம் போனாலோ, எடை இறங்கினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. 12 தடவை கழுவிய இடம் எப்படி எரியும் என்று யோசித்தீர்களா? சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர், துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டு ஜிங்க் ஆக்சைடு களிம்பு. அதை வாங்கி, யாரும் பார்க்காத நேரத்தில் பாத்ரூம் அலமாரியில் வைத்துவிடுங்கள். அவர் வேட்டியை யார் துவைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவரே விடியற்காலையில் துவைத்துக் காயப்போடுகிறார் என்றால் நாளையிலிருந்து அது உங்கள் வேலை, உங்கள் மனைவியின் வேலை அல்ல.

காதுகுத்துக்கு வரச்சொல்லி அவரிடம் மன்றாடாதீர்கள். முந்தின வாரம் மண்டபத்துக்குப் போய்க் கழிப்பறை எந்தப் பக்கம், தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மேடையிலிருந்து எத்தனை அடி நடக்கணும் என்று பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்லுங்கள். மாற்று வேட்டியும் பேடும் உங்கள் பையில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் அவர் முடிவு செய்யட்டும்.