நீண்ட கட்டுரையின் தமிழாக்கம்: எங்கே விலகலாம், எங்கே கூடாது?

"ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் பொதுவாசகர்களுக்காகத் தமிழாக்குகிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதா, சுதந்திரமாக எழுதுவதா?"

வாக்கிய அமைப்பில் தாராளமாக விலகுங்கள். ஆசிரியர் எதை எவ்வளவு உறுதியோடு சொல்கிறார் என்பதில் மட்டும் மூலத்தைவிட்டு அகலாதீர்கள். ஆங்கிலம் எழுவாயையும் வினையையும் முதலில் தந்துவிட்டு விளக்கங்களைப் பின்னால் தொடுக்கும்; அவற்றை அப்படியே பெயர்த்தால், தமிழில் அவை பெயரெச்சங்களாக முன்னால் குவிந்துவிடும்.

1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நேர்ப்பெயர்ப்பில் அது இப்படி வரும்: "போர்க்காலச் செலவால் உயர்ந்த அரிசி விலைக்கு ஈடாகக் கூலி உயராத கிராமங்களில் வாழ்ந்த நிலமற்ற தொழிலாளர்களே பெரும்பாலும் பட்டினிக்கு இரையாயினர்." பிழையில்லை, ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்பது பாதி வாக்கியம் கடந்தபின்தான் தெரிகிறது. பிரித்தால்: "போர்க்காலச் செலவால் அரிசி விலை ஏறியது. கிராமங்களில் கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. பட்டினிக்கு இரையானவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தொழிலாளர்களே."

பிரிக்கும்போதுதான் ஆபத்து நுழைகிறது. ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று 'பெரும்பாலும்' என்பதை நீக்கினால், மீனவர்களும் கைவினைஞர்களும் மாண்டதை மறுத்ததாகிவிடும். மூலத்தில் இல்லாத 'அதனால்தான்' ஒன்றைச் சேர்த்தால், ஆசிரியர் வைக்காத காரணத்தை அவர் தலையில் கட்டியவராவீர்கள். என் கணிப்பில், சரளமான தமிழாக்கங்கள் பெரும்பாலும் சறுக்குவது இவ்விடத்தில்தான். ஆகவே ஒவ்வொரு பத்தியையும் முடித்தபின், மூலத்திலுள்ள நிபந்தனைகளையும் தயக்கங்களையும் அடிக்கோடிட்டு, அவை தமிழில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.