சாவி கொடுக்கும் தேதி தள்ளிப்போகிறது, என்ன எழுதுவது?

கேள்வி: தஞ்சாவூரில் சின்ன அளவில் வீடு கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டர் நான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 900 சதுரடியில் தரைத்தள வீடு கட்டுகிறேன். ஜனவரி 10 சாவி கொடுப்பதாக ஒப்பந்தம். தையில் கிரகப்பிரவேசம் வைக்க நினைக்கிறார்கள். அக்டோபர் 30 போட வேண்டிய தளத்தை நவம்பர் 24தான் போட்டேன். ஒன்பது நாள் மழை. மற்ற பதினாறு நாள் என் சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் இன்னொரு சைட்டில் மாட்டிக்கொண்டன. சார் தினமும் காலை நடைக்கு வந்து சைட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார், எதுவும் கேட்பதில்லை. அவருக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “வணக்கம் சார். தொடர் மழை மற்றும் ஆள் பற்றாக்குறையால் எதிர்பாராத விதமாக வேலையில் சற்றுத் தாமதம் ஏற்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம். கூடிய விரைவில் முடித்துத் தருகிறோம். ஒத்துழைப்புத் தரவும்.” இது சரியா? திருத்தித் தர முடியுமா?

பதில்: இதை அனுப்பாதீர்கள். தினமும் சைட்டுக்கு வருகிற மனிதருக்கு எந்தெந்த நாள் மழை பெய்தது, எந்தெந்த நாள் வெயில் அடித்தும் சுவர் மேல் ஒரு ஆள்கூட இல்லை என்பது உங்களைவிட நன்றாகத் தெரியும். ‘ஆள் பற்றாக்குறை’ என்று படித்ததும் அவருக்குக் கோபம்கூட வராது. இனி நீங்கள் சொல்லும் எதையும் பாதிதான் நம்புவார். அதோடு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தஞ்சாவூரில் மழை பெய்வதை எதிர்பாராதது என்று யாரிடம் சொல்ல முடியும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று தெரிந்துதான் ஜனவரி 10 என்று கையெழுத்துப் போட்டீர்கள். ஆகவே அந்த ஒன்பது நாளும் பாதி உங்கள் கணக்கில்தான் வரும். பதினாறு நாள் முழுக்கவே உங்களுடையது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இதைவிடப் பெரிய குறை, தேதி இல்லாததுதான். ‘கூடிய விரைவில்’ என்பதை வைத்து அவர் வாடகை வீட்டுக்காரரிடம் என்ன பேசுவார், ஜோசியரிடம் என்ன கேட்பார்? அதனால் மன்னிப்பை எழுதுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துத் தேதியைக் கணக்குப் போடுங்கள். நீங்கள் சொன்னதை வைத்து நான் போட்டுப் பார்த்தேன்.

தளம் நவம்பர் 24. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கணக்குப்படி நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு ஏழு நாளிலும், ஆறு மீட்டருக்குள் இருக்கும் பீமுக்குப் பதினான்கு நாளிலும் முட்டு எடுக்கலாம். பீமும் இருப்பதால் டிசம்பர் 8. இந்த இடத்தில் நாளை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சார் அவசரப்படுத்தினாலும் ‘அதில் மட்டும் கைவைக்க மாட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து பூச்சு. உள்ளும் வெளியும் சேர்த்து 900 சதுரடி வீட்டுக்கு ஏறக்குறைய 4,500 சதுரடிப் பூச்சு வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது சதுரடி பூசுவார். மூன்று கொத்தனார் இருந்தால் பதினான்கு நாள். ஞாயிறும் கிறிஸ்துமஸும் போக டிசம்பர் 26இல் முடியும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தலைக்கு மேல் தளம் வந்த பிறகு உள்பூச்சுக்கு மழை ஒரு தடையே இல்லை. வெறித்த நாளில் வெளிப்பூச்சு, மழை நாளில் உள்பூச்சு என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இனிமேலும் மழையைக் காரணம் காட்டினால் அது எடுபடாது.

டைல்ஸ் டிசம்பர் 29இல் ஆரம்பித்து ஜனவரி 11க்குள். அதற்குப் பிறகு பொங்கல். ஊருக்குப் போன ஆட்கள் காணும் பொங்கல் முடிந்து முழுசாகத் திரும்ப 19, 20 ஆகிவிடும். உங்கள் பழைய திட்டத்தில் பொங்கலுக்கு முன்பே வேலை முடிந்திருக்கும், இந்த இடைவெளி வந்திருக்கவே வந்திருக்காது. இப்போது அதையும் தேதியில் சேர்த்தாக வேண்டும். ஒரு நல்லது, அந்த எட்டு நாளும் வீண் இல்லை. ஈரம் காயாத பூச்சின் மேல் பட்டி பார்த்தால் ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரியும். நடுவில் பொங்கல் வருவதால் பூச்சு காய மூன்று வாரத்துக்கு மேல் கிடைக்கிறது. பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் ஜனவரி 20 முதல் பிப்ரவரி 2 வரை. ஸ்விட்ச், குழாய் மாட்டிக் கழுவிவிட இன்னும் நாலு நாள். ஆக, பிப்ரவரி 6.

இந்தத் தேதியில்தான் சிக்கலே இருக்கிறது. தை மாதம் பிப்ரவரி 12 வாக்கில் முடிந்துவிடும். மாசியிலும் பங்குனியிலும் புதுமனை புகுவதில்லை என்று வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அவர்கள் வீடும் அப்படியென்றால், நீங்கள் ஒரு வாரம் தவறினாலும் அவர்களுக்கு அது சித்திரை வரை, அதாவது இரண்டு மாதத்துக்கு மேல் போய்விடும். கூடவே இரண்டு மாத வாடகை, லோன் வாங்கியிருந்தால் வட்டி. உங்களுக்கு ஏழு நாளாகத் தெரிவது அவருக்கு அறுபது நாள். ‘ஜனவரி கடைசியில் முடித்துவிடுவேன் சார்’ என்று வாய்க்கு வந்த தேதியைச் சொல்லி, அதை நம்பி அவர் பத்திரிகை அடித்துச் சம்பந்தி வீடு வரை கொடுத்துவிட்டால் அப்புறம் எந்த மன்னிப்பும் உதவாது. அதனால் கடைசித் தேதியோடு நடுவில் ஒரு தேதியும் சொல்லுங்கள். பூச்சு முடியும் டிசம்பர் 26தான் அது. அன்று முடிந்ததா இல்லையா என்பது யாரும் சொல்லாமலே கண்ணுக்குத் தெரியும். முடியவில்லை என்றால் பிப்ரவரி 6 நடக்காது என்று அவருக்கு அன்றே தெரிந்துவிடும், பத்திரிகை அச்சுக்குப் போயிருக்காது.

இப்போது கடிதம்:

“சார், வணக்கம். தளம் அக்டோபர் 30இல் போட்டிருக்க வேண்டும், நவம்பர் 24தான் போட்டேன். இந்த 25 நாளில் 9 நாள் மழை. மீதி 16 நாள் என் தவறு. சென்ட்ரிங் சாமான்களை இன்னொரு சைட்டில் விட்டு வைத்திருந்தேன், உங்கள் தளத்துக்குச் சரியான நேரத்தில் கொண்டுவரவில்லை. இதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டதும் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10இல் சாவி கொடுக்க முடியாது. பிப்ரவரி 6இல் கொடுக்கிறேன். முட்டு டிசம்பர் 8இல் எடுப்போம். உள்ளும் வெளியும் பூச்சு டிசம்பர் 26இல் முடியும். டைல்ஸ் பொங்கலுக்கு முன், பெயிண்ட் பொங்கலுக்குப் பின். டிசம்பர் 26இல் பூச்சு முடியாவிட்டால் அன்று மாலையே வந்து சொல்கிறேன். அதுவரை பத்திரிகை அடிக்க வேண்டாம். முகூர்த்தம் பார்ப்பதாக இருந்தால் பிப்ரவரி 7க்குப் பிறகு பாருங்கள்.

முட்டு எடுத்த மறுநாளிலிருந்து மூன்று கொத்தனார் உங்கள் வேலையில் மட்டும் இருப்பார்கள். என்னால் உங்களுக்குக் கூடுதலாக ஆகும் ஒரு மாத வாடகையைக் கடைசி பில்லில் கழித்துக்கொள்கிறேன்.”

வாடகை வரி நான் சேர்த்தது. மனசில்லை என்றால் எடுத்துவிடுங்கள், ஆனால் எழுதிவிட்டு அப்புறம் பேரம் பேசக் கூடாது. மூன்று கொத்தனார் விஷயமும் அப்படித்தான். இன்னொரு சைட்டில் நெருக்கடி வரும்போது இவர்களில் ஒருவரை இழுத்துக்கொள்ளத்தான் கை போகும். பதினான்கு நாள் வேலை இருபத்தோரு நாளாக அந்த ஒரு ஆள் போதும். எழுதுவதற்கு முன் மேஸ்திரியைக் கூப்பிட்டு இந்தத் தேதிகளைப் படித்துக் காட்டுங்கள். அவர் தலையை ஆட்டாத தேதியைச் சாருக்கு எழுதாதீர்கள். டைல்ஸ்காரரையும் பெயிண்டரையும் அதே போலக் கேட்டுவிடுங்கள்.

இப்படி ஒத்துக்கொண்டு எழுதினால் நாளைக்கு அதையே ஆதாரமாகக் காட்டிக் கேஸ் போட்டுவிடுவாரோ என்று தோன்றலாம். போட முடியும். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’யில்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் போட்டிருக்கிறதா என்று முதலில் எடுத்துப் படியுங்கள். இருந்தால் வாடகை வரிக்குப் பதில் அந்தத் தொகையை எழுதுங்கள். ஆனால் தளம் போட்ட தேதி ஊருக்கே தெரியும், அதை மழைக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது. ‘பிப்ரவரி 6 சரி’ என்று அவரிடமிருந்து ஒரு வரி பதில் வாங்கிவிட்டால் அது உங்களுக்கும் பாதுகாப்புதான்.

வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். காலை நடைக்கு அவர் வருகிற நேரத்தில் சைட்டில் நின்று நேரில் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் இதை அனுப்புங்கள். ஏதாவது திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் மழையை இழுக்க வேண்டாம். பொங்கலுக்குள் அடுப்படியும் தரையும் முடிந்துவிடுமே, பெயிண்ட் இல்லாமலே தையில் பால் காய்ச்சிவிடலாமா என்று அவர்களாகக் கேட்டால் தாராளமாகச் சரி சொல்லுங்கள், பலர் அப்படிச் செய்கிறார்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் உங்கள் தாமதத்தை அவர் தலையில் கட்டுவது போல் இருக்கும்.

இன்னொன்று. தளம் போட்டதற்கான பில் பாக்கி இருந்தால் அதை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம், அன்றைக்கு வாயாலும் கேட்க வேண்டாம். டிசம்பர் 8இல் முட்டு எடுத்த பிறகு, அவரை உள்ளே கூட்டிப்போய்த் தளத்தின் அடிப்பக்கத்தைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.