ஆமென், ஆமீன், அமீனா

அன்புள்ள ஐயா,

'ஆமென்' என்பது 'ஆம் என்' என்ற தமிழ்த்தொடர்தான் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். பள்ளிவாசலில் சொல்லும் 'ஆமீன்' அதே சொல்தானுங்களா? சொல்பவர் எதற்குத்தான் ஆம் என்கிறார்?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

ஓசை ஒத்துப்போகிறது, உறவு இல்லை. 'ஆம் என்' என்பதில் 'என்' தனி வினை. எபிரேயச் சொல்லிலோ கடைசி னகரம் வேரின் மூன்றாம் மெய். அலெஃப், மேம், நூன் என்ற அந்த மூன்றெழுத்து வேருக்கு உறுதி, நம்பகம் என்பது பொருள். எபிரேயத்தில் 'எமூனா' (பற்றுறுதி), அரபியில் 'ஈமான்' (இறைநம்பிக்கை), 'அமானத்' (நம்பி ஒப்படைத்த பொருள்) எல்லாம் அதில் கிளைத்தவை. ஜப்திக்கு வரும் கோர்ட் அமீனாவும் இந்தக் குடும்பம்தான். 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர். வாசலில் அவரைக் கண்டு பதறும் கடன்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தொழுகையில் சொல்லும் 'ஆமீன்' முதலெழுத்து நீண்ட வேறு வடிவம். அது எபிரேய, அராமிய வழக்கிலிருந்து அரபிக்குப் போனது என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து.

சொல்பவர் எதை உறுதி செய்கிறார் என்பது, அவருக்கு முன் பேசியவர் என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது. வேதாகமத்தின் உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் லேவியர் என்ற குருகுலத்தார் உரத்த குரலில் சாபங்களைச் சொல்ல, மக்கள் ஒவ்வொன்றுக்கும் ஆமென் என்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு முறை. அவற்றில் ஒன்று, அயலானின் எல்லைக்குறியை நகர்த்துகிறவன் மேல் விழும் சாபம். வரப்பை ஆண்டுக்கு ஒரு சாண் வெட்டித் தள்ளும் பங்காளியைக் கொங்கு நாட்டில் அறியாதவர் யார்? அந்தப் பங்காளியும் அக்கூட்டத்தில் நின்று ஆமென் என்றால், சாபம் பிறர்மேல் என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது; நான் கல்லை நகர்த்தியிருந்தால் அது என்மேல் விழட்டும் என்று தம் வாயாலேயே சத்தியம் செய்தவராகிறார். ஆமெனில் சத்தியமும் உண்டு, ஏற்பும் உண்டு, உறுதிப்படுத்தலும் உண்டு என்று யூத சமய நூலான தல்மூது பிரிப்பது இதனால்தான். பதிலாக நிற்கும் சொல் என்பதால், எந்த வாழ்த்துக்கு என்று அறியாமல் சொல்லும் ஆமெனை யூத மரபு 'அநாதை ஆமென்' என்று விலக்குகிறது.

நற்செய்தி நூல்களில் இயேசு பேசும்போது வரிசை தலைகீழாகிறது. அவர் தம் பேச்சின் தொடக்கத்திலேயே ஆமென் சொல்கிறார்; யோவான் நற்செய்தியில் இருமுறை சொல்கிறார். தமிழ் வேதாகமம் அதை 'மெய்யாகவே மெய்யாகவே' என்று பெயர்த்துவிட்டதால், அங்கே ஆமென் இருப்பதே நம் காதில் விழுவதில்லை.

பள்ளிவாசலில் ஆமீன், ஏழு வசனங்கள் கொண்ட ஃபாத்திஹா அத்தியாயம் முடிந்ததும் வருகிறது. அது குர்ஆன் வசனம் அன்று. முந்தைய வரிகள் நேர்வழி காட்டு என்ற வேண்டுதல் என்பதால், இங்கே அதன் பொருள் 'ஏற்றருள்வாயாக' என்பதே. ஹனஃபி முறையைப் பின்பற்றும் நம் பக்கத்து ராவுத்தர்கள் இதைத் தமக்குள் மெல்லச் சொல்வார்கள். ஷாஃபி முறையினர் இமாம் உரக்க ஓதும் தொழுகைகளில் உரக்கச் சொல்வார்கள்.