கல்யாணம் ஆச்சு, பாலிசியில் மனைவி பேர் எங்கே?

முகூர்த்த மாதம் முடிந்தால் எனக்கு வரும் கடிதங்களின் ரகமே மாறிவிடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல், புதிதாகத் திருமணமானவர்கள் மனைவியையோ கணவரையோ ஹெல்த் இன்ஷூரன்ஸில் ஃபேமிலி ஃப்ளோட்டரில், அதாவது குடும்பம் முழுக்க ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசியில், சேர்ப்பது பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

சார், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவியைப் பாலிசியில் சேர்க்க முடியுமா? அவசரம்.

முடியும். ஆனால் எந்த பாலிசி, தனிநபர் பாலிசியா ஃப்ளோட்டரா, ரினியூவல் எப்போது, கல்யாணம் நடந்தது எப்போது, ஒன்றுமே எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள்.

ஏப்ரல் 1-இல் ரினியூவல். செப்டம்பரில் திருமணம். இப்போதே சேர்க்கலாமா, ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாமா? இப்போது சேர்த்தால் முழு வருட பிரீமியம் கேட்பார்களா?

இப்போதே சேருங்கள். திருமணத்தைக் காரணமாகக் காட்டி வருடத்தின் நடுவில் சேர்க்கப் பெரும்பாலான கம்பெனிகள் இடம் கொடுக்கின்றன, ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 30 நாளும் இருக்கும், 60, 90 நாளும் இருக்கும், உங்கள் பாலிசி வாசகத்தில் பாருங்கள். கெடு தாண்டினால் ரினியூவல் வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, உங்களுடையது ஒற்றை ஆள் பெயரில் இருக்கும் தனிநபர் பாலிசி என்றால், அதை நடுவில் ஃப்ளோட்டராக மாற்றப் பல கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. அங்கேயும் ரினியூவல்தான்.

பிரீமியம் மீதமுள்ள நாட்களுக்கு மட்டுமே. உதாரணத்துக்கு, உங்கள் ஒருவருக்கு வருடம் 9,000, இதே காப்பீட்டுத் தொகைக்கு இரண்டு பெரியவர்கள் ஃப்ளோட்டர் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6,000. அக்டோபர் 1-இல் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்தைப் பதியும் இணைப்பு, போட்டால் மீதி அரை வருடம், ஆகவே சுமார் 3,000 கட்டினால் போதும். ஏப்ரலில் முழு 15,000 வரும், அப்போது கம்பெனி ஏமாற்றுகிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

3,000 ரூபாயை மிச்சம் பிடிக்க ஏப்ரல் வரை தள்ளினால் என்ன நஷ்டம் என்றால், புதிதாகச் சேருபவருக்கு வெயிட்டிங் பீரியட் அவர் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். உங்கள் பாலிசி ஆறு வருடம் பழையது என்பதால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிளெய்ம் இல்லை, ஹெர்னியா, கண்புரை மாதிரி பட்டியலிட்ட நோய்களுக்குப் பொதுவாக 24 மாதம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். அரை வருடம் முன்னால் சேர்ந்தால் இது எல்லாமே அரை வருடம் முன்னால் முடியும்.

பணம் கட்டிய ரசீது வந்துவிட்டது, ஆகவே சேர்ந்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். மனைவி பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றும் அச்சான எண்டார்ஸ்மென்ட் ஷெட்யூல் கைக்கு வரும் வரை அவர் பாலிசியில் இல்லை. இதை நான் எல்லா வாரமும் சொல்கிறேன், கீழேயும் சொல்வேன்.

கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் போதும் என்கிறார் ஏஜென்ட். மேரேஜ் சர்ட்டிஃபிகேட் எடுக்கவில்லை.

சில கம்பெனிகள் சேர்க்கும்போது எதுவுமே கேட்காமல் உங்கள் கையெழுத்தை நம்பி விட்டுவிடும். ஆனால் கெடு கணக்கு திருமணத் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, அந்தத் தேதிக்குப் பதிவுச் சான்றிதழை விட நல்ல ஆதாரம் கிடையாது. அதோடு தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சாதாரணக் கட்டணம், அதற்கு அடுத்த 60 நாள் வரை கூடுதல் கட்டணம். tnreginet.gov.in-இல் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, சாட்சிகளோடு இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். பத்திரிகையும், கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ கொடுத்த சான்றும் அங்கேதான் உதவும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் 30 நாள் கெடுவுக்குள் சான்றிதழ் வராது போலத் தெரிந்தால், விண்ணப்ப ஒப்புகையை இணைத்து மெயில் போட்டு, கெடுவுக்குள் கேட்டதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது.

ஆதாரில் மனைவி பெயருக்கு முன்னால் அவர் அப்பா இனிஷியல். சான்றிதழிலும் அதே. பாலிசியில் என் இனிஷியல் போடலாமா?

கூடாது. ஆதாரில் உள்ளபடியே போடுங்கள். இனிஷியலை மாற்றுவதாக இருந்தால் முதலில் ஆதார், அப்புறம் பேன் கார்டு, கடைசியில் பாலிசி. வரிசையை மாற்றினால் கேஷ்லெஸ் கவுன்ட்டரில், ஆள் ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போது, "பெயர் ஒத்துவரவில்லை" என்ற பதிலோடு நிற்பீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை.

மனைவிக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே தைராய்டு மாத்திரை உண்டு. "சின்ன விஷயம், எழுதாதீங்க மாப்பிள்ளை, பிரீமியம் ஏறிடும்" என்கிறார் மாமனார். ஏஜென்டும் அதையே சொல்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாமனார் சொல்வது எனக்குப் புரிகிறது. கல்யாணத்துக்கு முன்னால் மறைத்துப் பழகியதை இப்போதும் மறைக்கிறார். ஏஜென்ட் சொல்வதை மன்னிக்க முடியாது. தைராய்டு என்று எழுதினால் கூடுதல் கேள்வி வரும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்பார்கள், அவருக்கு ஒரு வாரம் அலைச்சல். அதற்காக எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு உங்களிடம் ஓடிபியை மட்டும் கேட்கிறார். நீங்களும் படிக்காமல் சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஓடிபிதான் உங்கள் கையெழுத்து. நாளைக்குப் பிரச்சினை வந்தால் ஏஜென்ட் எங்கேயும் இருக்க மாட்டார்.

மறைத்தது எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்களா? உங்கள் மனைவியே சொல்லுவார். வேறு எதற்கோ அட்மிட் ஆகிறார், பித்தப்பைக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்யூட்டி டாக்டர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, எத்தனை வருடமாக என்று கேட்பார். மயக்க மருந்து கொடுக்கப் போகிறவரிடம் யாரும் பொய் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. "எட்டு வருடமாக ஹைப்போதைராய்டு, தைராக்சின் எடுக்கிறார்" என்று ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறும். அது டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும், அங்கிருந்து கம்பெனிக்காக கிளெய்மைப் பரிசீலிக்கும் டிபிஏ மேஜைக்கு. பாலிசியில் சேர்ந்து ஒரு வருடம், நோய் எட்டு வருடம், ப்ரொபோசல் ஃபாரத்தில் "இல்லை". கல்லுக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் வாதாடலாம், சில சமயம் ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் அதற்குள் பில்லைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அவர் பெயரைப் பாலிசியிலிருந்து நீக்கவும் அவர்கள் பார்ப்பார்கள்.

தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால் மோசடி தவிர வேறு காரணம் காட்டி, மறைத்தார்கள் என்று மறுக்க முடியாது என்பது விதி. அந்த ஐந்து வருடத்தைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. மனைவிக்கு அந்த 60 மாதமும் அவர் சேர்ந்த நாளிலிருந்துதான், உங்கள் பாலிசி பிறந்த நாளிலிருந்து இல்லை.

எழுதினால் என்ன ஆகும்? மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் தைராய்டைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். சமீபத்திய டிஎஸ்எச் ரிப்போர்ட் கேட்பார்கள், சிலர் கொஞ்சம் பிரீமியம் ஏற்றுவார்கள், தைராய்டு சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு மட்டும் வெயிட்டிங் இருக்கும். அவ்வளவுதான். பிசிஓடி, மைக்ரேன், சின்ன வயதில் நடந்த ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மனைவியோடு உட்கார்ந்து ஃபாரத்தை நீங்களே நிரப்புங்கள், மாமனாரைக் கேட்காதீர்கள். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் ஷெட்யூலில் அந்த நோய் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், நீங்கள் எழுதினாலும் ஏஜென்ட் எழுதவில்லை என்று சந்தேகப்பட்டு, உடனே கம்பெனிக்கு நேரடியாக மெயில் போடுங்கள்.

அப்பா 62, அம்மா 58, நான் மூவரும் ஒரே ஃப்ளோட்டர், 10 லட்சம். இதில் மனைவியையும் சேர்க்கிறேன்.

வேண்டாம். ஃப்ளோட்டரில் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவர் வயதை வைத்துப் போடப்படுகிறது, அதாவது 29 வயது மனைவியும் 62 வயதுக் கணக்கில் வருவார். அப்பாவுக்கு ஒரு பைபாஸ் என்றால் அந்த வருடம் மீதிப் பேருக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ரினியூவலில் பெற்றோரை ஒரு பாலிசி, நீங்கள் இருவரும் ஒரு பாலிசி என்று அதே கம்பெனியிலேயே பிரியுங்கள், உங்கள் பழைய வெயிட்டிங் கணக்கு தொடரும்படி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போதைய பாலிசியை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுப்பது மட்டும் கூடாது.

மனைவி அவர் அப்பாவின் பாலிசியில் நாலு வருடமாக இருக்கிறார், 5 லட்சம். அங்கிருந்து பெயரை நீக்கிவிட்டு என்னுடையதில் சேர்க்கலாமா?

நீக்கிவிட்டுச் சேர்த்தால் நாலு வருடம் வீண். அந்தப் பாலிசியின் ரினியூவலில் அவரைப் பிரித்து வெளியே கொண்டுவந்து, தொடர்ச்சியோடு உங்கள் பக்கம் போர்ட் செய்யுங்கள், அதாவது முடித்த வெயிட்டிங் கணக்கோடு மாற்றுங்கள். ரினியூவலுக்கு 45 நாள் முன்னாலேயே விண்ணப்பியுங்கள். வெயிட்டிங் சலுகை பழைய 5 லட்சம் வரைக்கும்தான், உங்கள் பாலிசி 10 லட்சம் என்றால் மேலே உள்ள 5 லட்சத்துக்குப் புதிதாக ஆரம்பிக்கும். இரண்டு தேதியும் ஒத்துவரவில்லை என்றால் அவருக்குக் கொஞ்ச காலம் தனி பாலிசியே இருக்கட்டும், அவசரப்பட்டு நடுவில் இடைவெளி விட்டுவிடாதீர்கள்.

மனைவி மூன்று மாதக் கர்ப்பம். சேர்த்தால் பிரசவச் செலவு வருமா?

வராது. நாமே எடுக்கும் சில்லறை பாலிசிகளில் மகப்பேறுக்கு வெயிட்டிங் பொதுவாக 2 முதல் 4 வருடம் வரை இருக்கும், பலவற்றில் மகப்பேறே கிடையாது. உங்கள் ஆபீஸ் குரூப் பாலிசியைப் பாருங்கள், அதில் முதல் நாளிலிருந்தே இருக்கலாம். ஆனால் அங்கேயும் திருமணமாகி இத்தனை நாளுக்குள் ஹெச்ஆரிடம் சொல்ல வேண்டும் என்று கெடு இருக்கும்.

கூடுதல் பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கேட்கிறார் ஏஜென்ட்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃபேமிலி ஃப்ளோட்டர் ஹெல்த் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கொடுக்காதீர்கள், ஏஜென்டையும் மாற்றுங்கள்.

மனைவியைச் சேர்த்தால் நாமினியும் தானாக அவர் பெயருக்கு மாறுமா?

மாறாது. அதற்குத் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சேர்க்கும்போதே கொடுத்துவிடுங்கள், எண்டார்ஸ்மென்ட் வந்ததும் இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.