மணல் குவியல் எத்தனை கன அடி, எவ்வளவு எடை?

"அம்மாபேட்டையில் வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் கூம்பாகக் கொட்டியிருக்கிறார்கள். அடிச்சுற்று 30 அடி, உயரம் 3 அடி. எத்தனை யூனிட், எவ்வளவு எடை?"

சுமார் 72 கன அடி. நம்ம ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால், முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

கன அளவு என்பது குவியல் அடைத்துக்கொண்டிருக்கும் இடம், அவ்வளவுதான். சுற்றளவை அதாலேயே பெருக்கி 12.57 ஆல் வகுத்தால் அடிவட்டத்தின் பரப்பு வரும், அதை உயரத்தால் பெருக்கினால் நேர் உருளைக்கான கணக்கு. கூம்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். கடலைப் பொட்டலக் கூம்பில் மூன்று முறை மொண்டு ஊற்றினால்தான் அதே வாயும் உயரமும் உள்ள டம்ளர் நிறையும். ஆக மொத்தம், 12.57-ஐ மூன்றால் பெருக்கி வரும் 37.7 ஆல் வகுத்தால் போதும்:

30 × 30 × 3 ÷ 37.7 = 71.6

தளர்வாகக் கிடக்கும் காய்ந்த மணல் கன அடிக்கு ஏறக்குறைய 45 கிலோ, அப்போ மூன்றேகால் டன். ஈரமாக இருந்தால் இந்த 45 மாறும், எடை மேடையில் போடுவதே நல்லது.

பலரும் டேப்பைச் சரிவோடு உச்சி வரை பிடித்து அதையே உயரம் என்கிறார்கள். இங்கே அது 5.6 அடி காட்டும், மணல் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும், உச்சியில் கம்பியைச் செங்குத்தாகத் தரை வரை இறக்கி அளப்பதுதான் உயரம்.