கோலாலம்பூர் என்று மட்டும் போட்ட தாள் ஹால் டிக்கெட் ஆகாது

கேள்வி: மகள் நீட் எழுதுகிறாள். பினாங்கில் இருக்கிறோம். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஹால் டிக்கெட் அனுப்பியிருக்கிறார். அதில் தேர்வு நகரம் கோலாலம்பூர் என்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தின் பெயர் இல்லை. ஞாயிறு காலை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் போதுமா? கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, அவர் அனுப்பியது ஹால் டிக்கெட்டே இல்லை. அதற்கு சிட்டி ஸ்லிப் என்று பெயர். நீங்கள் பயண ஏற்பாடு செய்வதற்காக, எந்த ஊரில் தேர்வு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்கிற தாள் அது. அதைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். உண்மையான ஹால் டிக்கெட்டில் மையத்தின் பெயர், முழு முகவரி, மையத்தின் எண், மகளின் ரோல் நம்பர், படம், எத்தனை மணிக்கு வர வேண்டும், கேட் எப்போது மூடும் எல்லாம் இருக்கும். அது தேர்வுக்குச் சில நாள் முன்புதான் வெளிவரும். 2025இல் தேர்வு மே 4, ஹால் டிக்கெட் வந்தது ஏப்ரல் 30. வெளிநாட்டில் இருப்பவர்கள் விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் பார்க்க வேண்டுமே என்ற நினைப்பே இல்லாதவர்கள் போட்ட அட்டவணை. அதை விடுங்கள்.

தபாலில் எதுவும் வராது. neet.nta.nic.in தளத்தில் விண்ணப்ப எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்து நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கேதான் ஏஜென்டின் பிடி இருக்கிறது. பல ஏஜென்ட்டுகள் விண்ணப்பத்தில் தங்கள் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல்லை மாற்றப் போனாலும் செய்தி அவர்களுக்குத்தான் போகும். பிறகு "பிரிண்ட் எடுக்க இவ்வளவு, மையம் மாற்ற இவ்வளவு" என்று காசு கேட்பார்கள். ஒதுக்கிய மையத்தை எந்த ஏஜென்டாலும் மாற்ற முடியாது. இன்றைக்கே அவரிடம் விண்ணப்ப எண், கடவுச்சொல் இரண்டையும் வாங்கி, அவர் முன்னாலேயே உங்கள் போனில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

நேரத்துக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளாக நீட் இந்திய நேரம் மதியம் 2 மணிக்குத் தொடங்குகிறது, கேட் 1.30க்கு மூடுகிறது. நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆகவே கோலாலம்பூரில் தேர்வு மாலை 4.30க்கு, கேட் மூடுவது சரியாக 4 மணிக்கு. தாளில் நேரத்துக்குப் பக்கத்தில் IST என்று இருந்தால் கூட்டுங்கள். உள்ளூர் நேரம் என்று இருந்தால் கூட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனாருக்கு ஏஜென்ட் "கேட் 4 மணி" என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அது ஏற்கெனவே மாற்றிச் சொன்ன நேரம். அவர் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு இரண்டரையைக் கூட்டி, 6.30 என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். முந்தின நாள் தற்செயலாகப் பேச்சு வந்ததால் பையன் பிழைத்தான். குறுஞ்செய்தியை நம்பாதீர்கள், தாளைப் பாருங்கள்.

ஞாயிறு காலை ரயில் கணக்குப்படி சரிதான். பட்டர்வொர்த்திலிருந்து நாலு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். ஆனால் ரயில் தாமதமானால் உங்களிடம் வேறு வழி இல்லை. சனிக்கிழமையே வந்து, முடிந்தால் மைய வாசலை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

ஹால் டிக்கெட்டை எல்லாப் பக்கங்களோடும் அச்சடியுங்கள். முதல் பக்கத்தை மட்டும் கொடுக்கிற ஏஜென்ட்டுகளும் உண்டு. போஸ்ட்கார்டு அளவுப் படம் ஒட்டும் பக்கம் தனி. படம், இடது பெருவிரல் ரேகை ஆகியவற்றை வீட்டிலேயே முடித்துவிடலாம். கண்காணிப்பாளர் முன்னிலையில் என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது, அங்கே போய்த்தான் போட வேண்டும். வருகைப் பதிவேட்டுக்குத் தனியாக ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும். பேனா அங்கே தருவார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள். போனில் இருக்கும் படம் செல்லாது, போனே உள்ளே போகாது. உங்கள் வீட்டில் பெர்மிட் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் இப்போதே திருப்பிக் கேளுங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைத்துணி போடும் பிள்ளைகளும், மத வழக்கப்படி வேறு உடையோ பொருளோ அணிபவர்களும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் சோதனைக்காகச் சீக்கிரம் வர வேண்டும். கேட் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அதாவது நம் நேரப்படி 3 மணிக்கு. மகள் தலைத்துணி அணிபவள் என்றால், தாளில் உள்ள வருகை நேரம் இதற்குப் பிந்தியதாக இருந்தாலும் இந்த நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். "அனுமதி உண்டு" என்ற பாதியை மட்டும் படித்துவிட்டு 3.50க்கு வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெண் சோதனையாளர் முன்னால் வரிசை நீளமாக இருக்கும்.