ஞானப்பல்லுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: டாக்டர், மரபியல் அசைன்மென்ட்டுக்காக எங்கள் குடும்ப வரைபடம் போட்டேன். என் தாய்மாமா 9 வயதில் பல் பிடுங்கியபின் ரத்தம் நிற்காமல் இறந்திருக்கிறார். பாட்டியின் தம்பிக்கும் அதே தொந்தரவு இருந்ததாம், ஹீமோஃபிலியா என்றார்களாம். அண்ணன் நன்றாக இருக்கிறான். அப்பாவுக்கு நிறக்குருடு. அவர் அம்மாவுக்கு அத்தை மகன். எனக்கு மாதவிடாய் 9 நாள் போகிறது, கட்டிகட்டியாக. வலிக்கு ஆஸ்பிரின் போடுவேன். அடுத்த மாதம் ஞானப்பல் எடுக்க வேண்டும். நெட்டில் படித்ததெல்லாம் பயமாக இருக்கிறது. அந்த மரபணு எனக்கும் இருக்குமா?

பதில்: முதலில் பல் எடுக்கும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ஆஸ்பிரினை இன்றோடு விடுங்கள். ரத்தத் தட்டணுக்களை அது முடக்கிவிடும், ஒரு மாத்திரையின் வேலை ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர் அதையே வலி மாத்திரையாகப் போடுவதை என்னவென்று சொல்ல! வலித்தால் பாராசிட்டமால் போதும்.

இப்போது உங்கள் வரைபடத்துக்கு வருவோம். பாட்டிக்குத் தம்பியும் மகனும் நோயாளிகள். ஆகவே அவர் நோயைச் சுமப்பவர் என்பதில் சந்தேகமில்லை, வரைபடத்தில் அவரைக் குறிக்கும் வட்டத்துக்குள், சுமப்பவர் என்பதற்கு அடையாளமாக, புள்ளி வையுங்கள். பாட்டியின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில்தான் பழுது. அதனால் அம்மாவுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி. பெரும்பாலான மாணவர்கள் இங்கேயே நிறுத்தி, உங்களுக்குக் கால் பங்கு என்று எழுதிவிடுவார்கள். அண்ணனை மறந்துவிடுகிறார்கள்.

அம்மா சுமப்பவராக இருந்திருந்தால் அண்ணன் தப்பியிருக்கப் பாதி வாய்ப்புதான். இல்லாதவராக இருந்தால் அவன் நிச்சயமாக நன்றாகவே பிறந்திருப்பான். இந்த இரண்டையும் எடை போட்டால் அம்மாவின் வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இறங்கும், உங்களுடையது ஆறில் ஒன்றாகும். இன்னொரு அண்ணனும் நலமாக இருந்திருந்தால் பத்தில் ஒன்று. ஆக, உங்கள் வட்டத்துக்குள் இப்போதைக்குப் புள்ளி வைக்காதீர்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் 9 நாள் மாதவிடாய் சேரவில்லை. எனக்குக் கவலை அதில்தான். சுமப்பவருக்கு நோய் வராது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மை அல்ல. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று, அவள் கருவாக இருக்கும்போதே, அடங்கிவிடுகிறது. எது அடங்கும் என்பது குருட்டாம்போக்கு. நல்ல எக்ஸ் அதிகமான செல்களில் அடங்கிப்போனால் ரத்தத்தை உறைய வைக்கும் புரதம், அதாவது உறைவுக் காரணி, குறைந்துவிடும். அப்படிப்பட்ட பெண்ணுக்கு மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டும், கட்டிகட்டியாகப் போகும், பல் எடுத்தால் மறுநாளும் கசியும். ‘எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்’ என்று அம்மாவும் பாட்டியும் சொன்னால் சமாதானமாகிவிடாதீர்கள். எனக்கு அதுவும் ஒரு தகவல்தான்.

ரத்தவியல் மருத்துவரிடம் போய் எட்டாம் காரணி, ஒன்பதாம் காரணி இரண்டின் அளவையும் பாருங்கள். எட்டு குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பது குறைந்தால் பி. மாமாவுக்கு எது என்று இனிக் கேட்க முடியாது. உங்கள் பாடப் புத்தகத்தில் விக்டோரியா ராணியின் குடும்ப வரைபடம் இருக்குமே, அவர்களுக்கு இருந்தது பி வகை என்பதே ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளைச் சோதித்து 2009இல்தான் தெரிந்தது. கூடவே ரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதமான வான் வில்லிபிராண்ட் காரணியையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ரத்தப்போக்குக்கும் மாமாவுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எப்படியும் தேவை.

ஒரு எச்சரிக்கை: அளவு சரியாக வந்தால் பல்லைப் பற்றிய பயம் பெரும்பாலும் தீரும், சுமப்பவரா என்ற கேள்வி தீராது. சுமக்கும் பெண்கள் பலருக்கு அளவு சாதாரணமாகவே இருக்கும். அதற்கு மரபணுப் பரிசோதனைதான் வழி, அதையும் அம்மாவிடம் தொடங்குங்கள். அவரிடம் பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களிடம் அதே இடத்தில் தேடுவது சுலபம்.

மற்றவை சட்டென்று. நிறக்குருடு அப்பாவின் எக்ஸில் இருக்கிறது. அவருக்கு இருப்பதே அந்த ஒன்றுதான், அதைத்தான் மகளுக்குத் தருவார். அதனால் பரம்பரை வகையாக இருந்தால் நீங்கள் அதைச் சுமப்பது கிட்டத்தட்ட உறுதி, ஆனால் அம்மாவிடமிருந்தும் அது வந்திருந்தால் தவிர உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அண்ணனுக்கு அப்பா தந்தது ஒய், ஆகவே அப்பாவிடமிருந்து அவனுக்கு இது வரவே முடியாது. அத்தை மகன் உறவுக்கும் ஹீமோஃபிலியாவுக்கும் இங்கே தொடர்பில்லை: அப்பா நலமாக இருக்கிறார் என்றால் அவருடைய எக்ஸில் அது இல்லை. நெட்டில் படித்ததை மூடி வையுங்கள்.

பல் மருத்துவர் காரணி அளவைப் பார்க்காமல் ‘சின்ன பல்தானே’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அசைன்மென்ட்டைக் கொடுக்கும் முன் குடும்ப வரைபடப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் நீட்டுங்கள்.